விதைப் பாக்கெட்டின் படத்திலிருந்து இடைவெளி, ஆழம், விதைப்புக் காலம்: தலைப்பும் மதிப்புமாக எழுதுவதில் ஐயங்கள்

மாதுளைமொட்டு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து விதைகளைப் பகிர்ந்துகொள்கிறோம். ஒரு பாக்கெட்டைப் பிரித்து ஐந்தாறு சிறு உறைகளில் போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவதால், உறையைப் பெறுபவர் மூலப் பாக்கெட்டைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே பாக்கெட்டின் பின்பக்கக் குறிப்பைப் படம் எடுத்து, அதைச் சுருக்கமான வரிகளாக எழுதி உறைமேல் ஒட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். மொத்தம் 63 படங்கள் இருக்கின்றன. முதல் படத்திலேயே தடுமாறி நிற்கிறேன்.

அது பீட்ரூட் பாக்கெட். ஆங்கிலத்தில் அச்சிட்ட குறிப்பைத் தமிழில் தருகிறேன்: "மார்ச் முதல் ஜூலை வரை நேரடியாக நிலத்தில் விதைக்கவும். 1/2 அங்குலம் (1 செ.மீ.) ஆழத்தில், 1 அங்குல இடைவெளியில், 12 அங்குலம் தள்ளி அமைந்த வரிசைகளில் இடவும். நாற்றுகள் கையால் பிடிக்கும் அளவுக்கு வந்ததும் 4 அங்குலத்துக்குக் கலைக்கவும். முன்கூட்டியே அறுவடை வேண்டுமானால் பிப்ரவரி இறுதியில் பாதுகாப்பு மூடியின் கீழ் விதைக்கலாம்." கீழே மாதங்களின் முதலெழுத்துகளோடு மூன்று வண்ணப் பட்டைகள் இருக்கின்றன. மடிப்பில் 12/2026 என்று ஒரு முத்திரையும் இருக்கிறது. நான் எழுதியது இது:

```
பயிர்: பீட்ரூட்
இடைவெளி: 1 அங்குலம், 12 அங்குலம், 4 அங்குலம்
ஆழம்: 1-2 அங்குலம் (1 செ.மீ.)
பருவம்: பிப்ரவரி - அக்டோபர், டிசம்பர் 2026 வரை
```

முதலில் படத்தைப் பார்த்து இதை எழுதிவிட்டு, பிறகு பாக்கெட்டையே தேடியெடுத்து மேலே உள்ள வாசகத்தைத் தட்டச்சு செய்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மற்ற 62 பாக்கெட்டுகளில் பெரும்பாலானவை இப்போது என் கையில் இல்லை, படங்கள் மட்டுமே இருக்கின்றன. எனவே முறையைச் சரியாகத் தெரிந்துகொண்டு மேலே போக விரும்புகிறேன்.

தாமரைத்தண்டு

பீட்ரூட்டுக்கு 4 அங்குலம் போதும் அம்மா, அதிகம் குழம்ப வேண்டாம். நான் எப்போதும் விதையையே 4 அங்குலத்துக்கு ஒன்றாகத்தான் ஊன்றுவேன். அப்படி ஊன்றினாலும் ஒரே இடத்தில் இரண்டு, மூன்று நாற்றுகள் ஒட்டி ஒட்டி வந்துவிடுகின்றன. கை தவறி இரண்டு விதைகள் விழுந்துவிட்டன என்று நினைத்து, அடுத்த முறை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டேன். அப்போதும் அதே கதைதான். உங்களுக்கும் நெருக்கமாக முளைக்கிறதென்றால் மண்ணைக் கொஞ்சம் கிளறிவிட்டுப் பாருங்கள்.

பதியம்

தாமரைத்தண்டு அம்மா, மாதுளைமொட்டு கேட்டது வளர்ப்பைப் பற்றியன்று, பாக்கெட்டில் உள்ளதைப் பிழையின்றி எடுத்து எழுதுவதைப் பற்றியே. ஆனாலும் நீங்கள் சொன்ன அனுபவம் இந்தக் கேள்விக்கு நேராக உதவுகிறது, அதைக் கடைசியில் தொடுகிறேன்.

மாதுளைமொட்டு, உங்கள் நான்கு வரிகளில் மூன்று பிழைகள் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை என்பதால் ஒவ்வொன்றாகவே பார்ப்போம்.

முதலில் ஆழம். பாக்கெட்டில் இருப்பது அரை அங்குலம். நீங்கள் எழுதியிருப்பது ஒன்று முதல் இரண்டு அங்குலம். படத்தில் அந்தச் சாய்கோடு மடிப்பின்மேல் விழுந்திருக்க வேண்டும், அல்லது பளபளப்பான தாளில் ஒளி பட்டு அதன் மேல்பாதி மறைந்திருக்க வேண்டும். இந்தப் பிழை ஏன் ஆபத்தானதென்றால், அது பிழையாகத் தோன்றுவதே இல்லை. அரை என்பதைப் பன்னிரண்டு என்று படித்திருந்தால் ஓர் அடி ஆழத்தில் விதையா என்று உடனே திடுக்கிட்டிருப்பீர்கள். ஒன்று முதல் இரண்டு அங்குலம் என்பது பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் பொருந்தும் அளவாகையால், அது பீட்ரூட் உறையிலும் கேள்வியின்றி ஒட்டிக்கொள்ளும். ஆனால் பாக்கெட்டே உங்களுக்கு ஒரு சாட்சியை வைத்திருக்கிறது. அடைப்புக்குறிக்குள் 1 செ.மீ. என்று இருக்கிறதே, இரண்டு அங்குலம் ஐந்து செ.மீ.க்கு மேல் போகும்போது அது எப்படி ஒரு செ.மீ. ஆகும்? ஓர் அளவு இரு அலகுகளில் அச்சாகியிருந்தால், ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை. அப்படி அச்சாகாத பாக்கெட்டுகளில் விதையின் பருமனைப் பாருங்கள். பெரும்பாலான விதைகளுக்கு அவற்றின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழமே சொல்லப்பட்டிருக்கும். அதிலிருந்து வெகுதொலைவு விலகினால் படத்தை மீண்டும் பார்க்க வேண்டும் என்று பொருள். மதிப்பை நீங்களாக மாற்றிவிட வேண்டும் என்று பொருளன்று.

அடுத்து இடைவெளி. மூன்று எண்களையும் நீங்கள் விடாமல் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரே தலைப்பின்கீழ் காற்புள்ளியிட்டு அடுக்கியதால் எந்த எண் எந்தச் செயலுக்கு உரியது என்பது போய்விட்டது. பாக்கெட்டின் வாசகத்தில் ஒவ்வொரு எண்ணையும் ஒரு வினைச்சொல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓர் அங்குலம் என்பது "இடவும்" என்பதோடு வருகிறது, ஆகவே அது விதைக்கு விதை. நான்கு அங்குலம் "கலைக்கவும்" என்பதோடு வருகிறது, ஆகவே அது கலைத்த பின் செடிக்குச் செடி. பன்னிரண்டு வரிசைகளுக்கு உரியது. வினையைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் எடுத்தால், உறையைப் பெறுபவர் 1 × 12 என்றும் படிக்கலாம், 12 × 4 என்றும் படிக்கலாம். ஓர் அங்குலத்தில் விதைத்துவிட்டு அப்படியே விட்டால் கிழங்கு பருக்க இடமிராது. எனவே இடைவெளி என்ற பொதுத் தலைப்பே வேண்டாம். மூன்று தலைப்புகள் வையுங்கள்.

மூன்றாவது காலம். இதில் இரண்டு தவறுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. அக்டோபர் எங்கிருந்து வந்தது? வாசகத்தில் இல்லை, ஆகவே பட்டையிலிருந்து வந்திருக்க வேண்டும். மூன்று பட்டைகளில் ஒன்று அறுவடைக்கு உரியதாக இருக்கும், நீங்கள் முதல் பட்டையின் தொடக்கத்தையும் கடைசிப் பட்டையின் முடிவையும் சேர்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். டிசம்பர் 2026 என்பது பருவமே அன்று. அது விதையின் முளைப்புத்திறன் குறித்த காலக்கெடு, அதற்குள் விதைத்துவிடுங்கள் என்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் காலக்கெடுவையும் "விதைக்க" என்ற சொல்லைக்கொண்டே குறிப்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. மாதமும் ஆண்டும் சேர்ந்து வந்தால் அது கெடு, ஆண்டில்லாமல் மாதம் மட்டும் வந்தால் அது பருவம். இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

இனி தாமரைத்தண்டு அம்மாவுக்கு. உங்கள் கை தவறவில்லை. பீட்ரூட்டில் நாம் ஒரு விதை என்று ஊன்றுவது உண்மையில் பல விதைகள் சேர்ந்து கட்டியான ஒரு கொத்து, ஆகவே ஒன்றிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் எழுவது அதன் இயல்பு. ஒற்றை நாற்று மட்டுமே தரும்படி உருவாக்கிய ரகங்களும் உண்டு. இதனால்தான், விதைக்கும்போதே கடைசி இடைவெளியில் ஊன்றினாலும் பீட்ரூட்டுக்குக் கலைக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. நாம் எழுதும் வரிகளில் கலைத்தல் என்ற சொல் விடுபட்டால், பெறுபவர் உங்களைப்போலவே திகைத்து நிற்பார்.

தாமரைத்தண்டு

இத்தனை ஆண்டுகளாக என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். விளக்கியதற்கு நன்றி ஐயா. நான் வாங்கிய பாக்கெட்டிலும் கலைக்கச் சொல்லியிருந்தது. விதையை 4 அங்குலத்தில் ஊன்றிவிட்டதால் அந்த வரி எனக்கில்லை என்று விட்டுவிட்டேன்.

செந்நிலம்

பதியம் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் அங்குலமும் செ.மீ.யும் கலந்து நிற்பதை ஏன் அப்படியே விட வேண்டும்? 63 பாக்கெட்டுகளையும் ஒரே பட்டியலில் வைக்கும்போது எல்லாவற்றையும் செ.மீ.க்கு மாற்றினால்தான் வரிசைப்படுத்தவும் ஒப்பிடவும் முடியும். அங்குலத்தை 2.5 ஆல் பெருக்கினால் போதும். அதேபோல் மேட்டுப்பாத்தியில் வரிசை என்பதே கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளியில் நடுகிறோம். ஆகவே கலைத்த பின் உள்ள இடைவெளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டால் வரி எளிமையாகும்.

பதியம்

ஒப்பிடுவதற்கு ஒரே அலகு வேண்டும் என்பது சரிதான். ஆனால் மாற்றிய எண் அச்சிட்ட எண்ணின் இடத்தில் உட்காரக் கூடாது. இந்தப் பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அரை அங்குலத்தை உங்கள் கணக்குப்படி மாற்றினால் 1.25 செ.மீ. வரும், பாக்கெட்டோ 1 செ.மீ. என்கிறது. அச்சிட்டவர்கள் எளிய எண்ணாக இருக்கட்டும் என்று குறைத்திருக்கிறார்கள். நீங்கள் 1.25 என்று எழுதினால் பாக்கெட் சொல்லாத ஒன்றைப் பாக்கெட்டின் பெயரால் சொன்னதாகிவிடும். மேலும், அச்சிட்ட இரண்டு அலகுகளையும் அழித்துவிட்டால், சற்றுமுன் நாம் பிழையைப் பிடித்த அந்தச் சாட்சியும் சேர்ந்து அழிந்துவிடும். வேண்டுமானால் "கணக்கிட்ட அளவு" என்ற தனித் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள், அதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள்.

மேட்டுப்பாத்தி பற்றி நீங்கள் சொன்னது வளர்ப்பில் சரி. ஆனால் உறையைப் பெறுபவர் எந்த முறையில் வளர்ப்பார் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. பாத்தியில் வளர்ப்பவர் வரிசை அளவை விட்டுவிடலாம், வரிசையில் வளர்ப்பவருக்கோ இல்லாத எண்ணை எங்கிருந்தும் பெற முடியாது.

குறியீடன்

63 படங்களைக் கண்ணால் படிப்பதற்குப் பதிலாக எழுத்துணரிக்குக் கொடுத்துவிட்டு, வந்த உரையைத் திருத்தலாமே. நான் இப்படித்தான் செய்கிறேன்:

```
tesseract packet.png out -l tam+eng --psm 6
```

கடைசியில் உள்ள 6 என்பது, படத்தில் இருப்பதை ஒரே சீரான உரைத்தொகுதியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. பத்தியாக எழுதிய குறிப்புகளுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. மாதப் பட்டையையும் முன்பக்கப் படத்தையும் வெட்டி நீக்கிவிட்டு உரைப் பகுதியை மட்டும் கொடுங்கள்.

பதியம்

நானும் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன், நீண்ட வாசகங்களில் தட்டச்சு நேரம் மிச்சமாகிறது. ஆனால் நமக்கு இங்கே வேண்டியவை பெரும்பாலும் பின்னங்களும் குறிகளும், அது தடுமாறுவதும் அங்கேதான். சிறிய எழுத்தில் அச்சிட்ட கால் என்பது 14 ஆகவும், அங்குலத்தைக் குறிக்கும் இரட்டைக் கீற்று 11 ஆகவும் வந்து என்னிடம் சிக்கியிருக்கின்றன. தசமத்துக்குப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடும் நாடுகளின் பாக்கெட்டில் 1,5 செ.மீ. என்பது 15 செ.மீ. ஆகிவிட்டதும் உண்டு. ஆகவே சொற்களை அதனிடம் விட்டாலும் ஒவ்வோர் எண்ணையும் படத்தோடு வைத்து நீங்களே பார்த்தாக வேண்டும்.

இன்னொன்று, குறிப்பைப் பத்தியாக இல்லாமல் கட்டங்களாக அச்சிட்ட பாக்கெட்டுகள். தலைப்புகள் ஒரு நிரலிலும் மதிப்புகள் மற்றொரு நிரலிலும் இருக்கும்போது, அது முதலில் தலைப்புகளை எல்லாம் படித்துவிட்டு அதன்பின் மதிப்புகளை எல்லாம் படிப்பதுண்டு. இடையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், அதற்குக் கீழே உள்ள மதிப்புகள் அனைத்தும் ஒரு படி மேலேறி, ஆழத்துக்கு எதிரே விதை இடைவெளியும், விதை இடைவெளிக்கு எதிரே வரிசை அளவும் வந்து நின்றுவிடும். ஒவ்வோர் எண்ணும் சரி, ஒவ்வோர் எண்ணும் தவறான வீட்டில் இருக்கும்.

குறியீடன்

அந்த நகர்வைக் கண்டுபிடிக்க நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். ஆழம் எப்போதும் செடி இடைவெளியைவிடக் குறைவு, செடி இடைவெளி எப்போதும் வரிசை அளவைவிடக் குறைவு. இந்த வரிசை மாறினால் அந்தப் பாக்கெட் தவறாக ஏறியிருக்கிறது.

பதியம்

நல்ல விதிதான், "எப்போதும்" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். பட்டாணியை 2 அங்குல ஆழத்தில் 2 அங்குலத்துக்கு ஒன்றாக இடச்சொல்லும் பாக்கெட்டுகள் உண்டு, அங்கே ஆழமும் இடைவெளியும் சமம். மக்காச்சோளத்தைச் சதுரத் தொகுதியாக விதைக்கச் சொல்லும்போது செடிக்குச் செடியும் வரிசைக்கு வரிசையும் ஒன்றாகவே இருக்கலாம். விதி மீறப்பட்டால் படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

மாதுளைமொட்டு

நேற்றும் இன்றும் உட்கார்ந்து 11 படங்களை முடித்தேன். பட்டையைப் பற்றிப் பதியம் ஊகித்தது உண்மைதான். வண்ண விளக்கம் படத்தின் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது, ஆகவே எந்த வண்ணம் எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பாக்கெட் கையில் இருந்ததால் மீண்டும் படம் எடுத்தேன். விதைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, உள்ளே ஒரு தடித்த அட்டையைச் செருகியதும் மடிப்பு விரிந்து சாய்கோடு தெளிவாகத் தெரிந்தது. ஃபிளாஷை அணைத்துவிட்டுச் சன்னலின் பக்க ஒளியில் இரண்டு படங்கள் எடுத்தேன். இரண்டாவதுக்குப் பாக்கெட்டைச் சற்றுத் திருப்பி வைத்ததால், முதல் படத்தில் பளபளப்பு மறைத்த இடம் அதில் தெரிகிறது.

ஆனால் புதிதாக ஒரு சிக்கல். வரிகளை விரிதாளில் ஏற்றியபோது ஒரு கீரைப் பாக்கெட்டுக்கு எதிரே ஆழம் என்ற இடத்தில் ஒரு தேதி வந்து நிற்கிறது. நான் எழுதியது 1/4 மட்டுமே.

குறியீடன்

விரிதாள் அதை நாளும் மாதமுமாக எடுத்துக்கொண்டுவிட்டது. 3-4 என்று வீச்சாக எழுதினாலும் அதே கதி நேரும். அந்த நிரலை முன்கூட்டியே உரை வடிவத்துக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகு தரவை ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு மாற்றினால் தேதியின் பின்னால் உள்ள ஓர் எண்தான் மிஞ்சும், உங்கள் பின்னம் திரும்பாது.

பதியம்

அதைவிட எளிய காப்பு, அலகை மதிப்பிலிருந்து பிரிக்காமல் வைத்திருப்பது. "1/4 அங்குலம்" என்று ஒரே மதிப்பாக எழுதினால் விரிதாள் அதைத் தேதியாகக் கருதாது. தலைப்பில் "ஆழம், அங்குலத்தில்" என்று எழுதிவிட்டு மதிப்பில் எண்ணை மட்டும் வைப்பது நேர்த்தியாகத் தோன்றினாலும், வரி தலைப்பிலிருந்து பிரிந்து எங்காவது நகலெடுக்கப்படும்போது அலகு தொலைந்துவிடும். நான் இந்தப் பாக்கெட்டை இப்படி எழுதுவேன்:

```
பயிர்: பீட்ரூட்
விதைப்பு ஆழம்: 1/2 அங்குலம் (1 செ.மீ.)
விதைக்கு விதை, விதைக்கும்போது: 1 அங்குலம்
செடிக்குச் செடி, கலைத்த பின்: 4 அங்குலம்
வரிசைக்கு வரிசை: 12 அங்குலம்
விதைப்புக் காலம், நேரடியாக நிலத்தில்: மார்ச் முதல் ஜூலை வரை
விதைப்புக் காலம், மூடியின் கீழ்: பிப்ரவரி இறுதி
விதையின் காலக்கெடு: 12/2026
```

அறுவடைப் பட்டையை நான் சேர்க்கவில்லை, நீங்கள் கேட்ட தலைப்புகளில் அது வராது. சேர்ப்பதானால் அறுவடை என்ற பெயரிலேயே தனி வரியாகச் சேருங்கள்.

கார்முகில்

இழையை முழுவதும் படித்தேன். எனக்கும் இதே வேலைதான், ஆனால் நான் மாட்டிக்கொண்டது எண் இல்லாத பாக்கெட்டுகளில். லெட்யூஸ் பாக்கெட் ஒன்று விதைகளை மண்ணின் மேல் தூவி இலேசாக அழுத்தச் சொல்கிறது, ஆழம் சொல்லவே இல்லை. கேரட் பாக்கெட் மெல்லியதாகத் தூவச் சொல்லிவிட்டுக் கலைக்கும் அளவை மட்டும் தருகிறது. தக்காளிப் பாக்கெட்டில் மாதமே கிடையாது, கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு உள்ளே விதைக்கச் சொல்கிறது. இவற்றை நான் என் அனுபவத்தைக்கொண்டு எண்ணாக நிரப்பிவிடுகிறேன். லெட்யூஸுக்கு ஆழம் 0 என்று போட்டேன். அது சரிதானே?

பதியம்

மூன்றும் வெவ்வேறு நிலைகள் கார்முகில். லெட்யூஸ் பாக்கெட் ஆழத்தைச் சொல்லாமல் விடவில்லை, சொல்லியிருக்கிறது. மண்ணின் மேல் தூவு என்பதே அதன் விடை. லெட்யூஸ் விதை பொதுவாக ஒளி பட்டால் நன்றாக முளைப்பதால் அப்படிச் சொல்கிறார்கள். அதை 0 என்று எழுதினால், பட்டியலைப் பார்ப்பவர் அதைத் தகவல் இல்லை என்றும் படிக்கக் கூடும். அழுத்திவிடு என்ற பாதியும் போய்விடும். "மண்ணின் மேல் தூவி இலேசாக அழுத்தவும்" என்ற சொற்களையே மதிப்பாக எழுதுங்கள், மதிப்பு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கேரட்டுக்கும் அவ்வாறே, விதைக்கு விதை என்ற தலைப்புக்கு எதிரே "மெல்லியதாகத் தூவவும்" என்று வரட்டும்.

தக்காளிப் பாக்கெட்டில் நீங்கள் மாதத்தை நிரப்பியதைத்தான் நான் முற்றிலும் மறுக்கிறேன். வாரக்கணக்கில் சொன்னதற்குக் காரணம், ஒரே பாக்கெட் வெவ்வேறு தட்பவெப்பங்களில் விற்கப்படுவதுதான். நீங்கள் அதை மார்ச் என்று மாற்றியதும், உங்கள் இடத்துக்குப் பொருந்தும் மாதம் பாக்கெட்டின் கூற்றாகிவிடுகிறது. "கடைசி உறைபனிக்கு 6 முதல் 8 வாரம் முன்பு, உள்ளே" என்று அப்படியே எழுதுங்கள். மாதம் அச்சான பாக்கெட்டுகளிலும், அவை எந்தப் பகுதிக்கென்று குறிப்பிட்டிருந்தால் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மார்ச் வசந்தம், தெற்கே அதே மார்ச் இலையுதிர் காலம்.

கார்முகில்

லெட்யூஸை ஏற்கிறேன், மாற்றிவிடுகிறேன். தக்காளியில் உடன்பட முடியவில்லை. என்னிடமிருந்து உறையைப் பெறுபவர்கள் அனைவரும் என் இடத்தில்தான் இருக்கிறார்கள். உறைபனிக்கு முன்பு என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் மீண்டும் என்னிடமே வந்து எந்த மாதம் என்று கேட்கிறார்கள். பயனில்லாத துல்லியத்தைவிடப் பயனுள்ள மாதம் மேலானது.

பதியம்

அப்படியானால் இரண்டு வரிகள் எழுதுங்கள். பாக்கெட் சொன்னது ஒரு வரி, "நாங்கள் பரிந்துரைக்கும் மாதம்" என்று உங்கள் பெயரில் மற்றொரு வரி. யார் சொன்னது என்பது தெரிந்தால் எனக்கு மறுப்பில்லை.

செந்நிலம்

உறை சிறியது, அதில் எத்தனை வரிகள்தான் எழுதுவது? இந்த இழை தொடங்கியபோது நான்கு வரிகள் இருந்தன, இப்போது எட்டு, கார்முகில் சேர்த்தால் ஒன்பது. பட்டியலில் எல்லாமும் இருக்கட்டும். உறையில் ஆழம், கலைத்த பின் இடைவெளி, நேரடி விதைப்புக் காலம் என்ற மூன்று மட்டும் போதும் என்பதே என் கருத்து.

மாதுளைமொட்டு

செந்நிலம், பீட்ரூட் உறையில் விதைக்கு விதை என்ற வரியை நான் கட்டாயம் வைப்பேன், கலைத்த பின் என்ற சொற்களையும் விட மாட்டேன். தாமரைத்தண்டு அம்மா எழுதியதைப் படித்த பிறகு அதை விட மனம் வரவில்லை. வரிசை அளவை வேண்டுமானால் பட்டியலில் மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

இன்று மேலும் ஒன்பது படங்களை முடித்தேன். அவற்றில் இரண்டு ஐயங்கள். முதலாவது, ஒரு பாக்கெட்டின் மேல்பகுதியை யாரோ கிழித்துத் திறந்திருக்கிறார்கள், ஆழம் இருந்த வரியின் கீழ்ப்பாதி மட்டுமே தெரிகிறது. இரண்டாவது, ஒரு முள்ளங்கிப் பாக்கெட்டில் வாசகம் மார்ச் முதல் என்கிறது, பட்டையோ மார்ச் கட்டத்தின் நடுவிலிருந்து தொடங்குகிறது. எதை எடுப்பது?

பதியம்

கிழிந்த வரிக்கு "படத்தில் படிக்க இயலவில்லை" என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். பாக்கெட்டில் அச்சாகவே இல்லாததற்கு "பாக்கெட்டில் இல்லை" என்று எழுதுங்கள். முதலாவதை அதே ரகத்தின் வேறொரு பாக்கெட் கிடைக்கும்போது நிரப்பிக்கொள்ளலாம், இரண்டாவதைத் தேடுவது வீண். காலியாக விட்டால் இவ்விரண்டோடு நீங்கள் எழுத மறந்ததும் சேர்ந்து மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

முள்ளங்கியில் நான் வாசகத்தையே எடுப்பேன். பட்டை பெரும்பாலும் அழகுக்காக வரையப்படுகிறது, அச்சில் அரைக் கட்டம் நகர்ந்துவிடுவதும் உண்டு.

குறியீடன்

இதில் நான் மாறுபடுகிறேன். என்னிடம் இருக்கும் பாக்கெட்டுகளில் வாசகம் பல ரகங்களுக்கும் பொதுவாக அச்சிட்டதாகவும், பட்டை மட்டும் அந்த ரகத்துக்கென்று வரையப்பட்டதாகவும் இருக்கின்றன. ஒரே நிறுவனத்தின் இரண்டு முள்ளங்கி ரகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாசகம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவும் பட்டை வேறாகவும் இருப்பது தெரியும். அப்படியிருக்க, பட்டையை அழகுக்கென்று ஒதுக்குவது எப்படிச் சரியாகும்?

பதியம்

அப்படி ஒரே வாசகத்தைப் பல ரகங்களுக்கும் அச்சிடும் நிறுவனங்களின் பாக்கெட்டானால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு பாக்கெட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதை நம்மால் அறிய முடியாது. மாதுளைமொட்டு, அதே நிறுவனத்தின் வேறு முள்ளங்கி உங்கள் 63 படங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை "மார்ச் முதல் (வாசகம்), மார்ச் நடு முதல் (பட்டை)" என்று இரண்டையும் நிறுத்திவையுங்கள்.

மாதுளைமொட்டு

தேடிப் பார்த்தேன், ஒன்று இருக்கிறது. வாசகம் ஒன்றேதான், பட்டை பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. ஆனால் அந்தப் படம் மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தது. விளக்கக் கட்டத்தில் "மூடியின் கீழ்" என்பதற்கும் "நேரடியாக" என்பதற்கும் உரிய இரண்டு வண்ணங்களும் ஒன்றுபோலத் தெரிகின்றன, ஆகவே பிப்ரவரியில் தொடங்குவது எந்தப் பட்டை என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அந்தப் பாக்கெட் யாரிடம் போயிற்றோ அவரிடம் கேட்டு, பகல் ஒளியில் மீண்டும் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே பதிகிறேன். அதுவரை இரண்டு முள்ளங்கிகளின் காலத்துக்கும் வாசகத்தையும் பட்டையையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறேன்.